பயிற்சியாளர் அறிமுகம்: சூப்பர்வைசர்கள், ஷிப்ட் பொறுப்பாளர்கள், வரவேற்பறைப் பணியாளர்களுக்கு

சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். நூற்பாலையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன், அதில் கடைசி 6 ஆண்டுகள் ஷிப்ட் சூப்பர்வைசர். 2014 முதல் பயிற்சி கொடுப்பதே தொழில். எனக்கு மேடைப் பேச்சு அவ்வளவாக வராது. ரிங் பிரேம் சத்தத்துக்கு நடுவே ஒருவரிடம் குரலை உயர்த்தாமல் தவறைச் சுட்டிக்காட்டத் தெரியும். அதைத்தான் மற்றவர்களுக்கும் பழக்குகிறேன்.

அதிகம் கேட்டு வாங்கப்படும் பயிற்சி, புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கானது. நேற்று வரை 'மாப்ள' என்று தோளில் கை போட்டவனிடம் இன்று வேலை வாங்க வேண்டும். பாதிப் பேர் முறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் தாங்களே அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் புலம்புகிறார்கள். லீவு மறுப்பது, தாமதமாக வருபவரிடம் பேசுவது, வயதில் மூத்த 'அண்ணன்' ஒருவருக்கு வேலை சொல்வது என்று மூன்று சூழல்களை எடுத்து, எல்லாரையும் நடித்துப் பார்க்க வைப்பேன். முதல் அரை மணி நேரம் சிரிப்பாக இருக்கும். அப்புறம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஷிப்ட் மாற்றும்போது தகவல் ஒப்படைப்பது, வேலை செய்யும் இடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் 5எஸ் முறை, வாடிக்கையாளரிடம் பேசுவது ஆகியவையும் எடுக்கிறேன். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் (2013) பற்றிய விழிப்புணர்வு வகுப்பும் உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம் என்பதே பல பட்டறைகளில் தெரிவதில்லை. சட்ட நுணுக்கங்களுக்கு வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்து வருவேன்.

நூற்பாலைகள், ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைகள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், தனியார் மருத்துவமனைகள், ஏற்காட்டு விடுதிகள் ஆகியவற்றில் வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு வகுப்பில் 25 பேருக்கு மேல் வேண்டாம். தமிழில்தான் நடத்துவேன். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் பயிற்சி உரையாடல்களை இந்தியிலும் செய்வோம். என் இந்தி இலக்கணமாக இருக்காது, ஆனால் புரியும். இயக்குநர்களுக்கான தலைமைப் பயிற்சி எடுப்பதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் வாங்கும் கருத்துப் படிவத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மதியம் பிரியாணி நன்றாக இருந்தாலே அதில் ஐந்துக்கு ஐந்து விழுந்துவிடும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடந்துகொள்வது மாறியதா, வேலையில் பலன் தெரிகிறதா. மூன்றாவது படியைப் பார்க்கத்தான் 45 நாள் கழித்துத் திரும்ப வருகிறேன். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அப்படித் திரும்பப் போனபோது பார்த்தவை சில. ஒரு நூற்பாலையில் ஷிப்ட் நோட்டில் முன்பெல்லாம் 'எல்லாம் ஓகே' என்று ஒரே வரிதான் இருக்கும். இப்போது எந்த மெஷின், என்ன கோளாறு, எது பாக்கி என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ்கள் டாக்டருக்கு போன் போட்டுவிட்டு அதன்பிறகு கேஸ் ஷீட்டைத் தேடுவார்கள். இப்போது ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளிக்கு இப்போது என்ன, முன்பு என்ன இருந்தது, தனக்கு என்ன தோன்றுகிறது, டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் பேசுகிறார்கள். ஏற்காட்டு விடுதி ஒன்றில் 'வெயிட் பண்ணுங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த பையன், "12 மணிக்கு ரூம் ரெடியாயிடுங்க, பேக்கை இங்கயே வச்சுட்டு லேடீஸ் சீட் வியூ பாயின்ட் போயிட்டு வந்துடுங்க" என்றான். அந்த வசனம் நான் சொல்லிக்கொடுத்தது அல்ல, அவனாகவே கண்டுபிடித்தது.

பலிக்காத இடமும் உண்டு. ஒரு தொழிற்சாலையில் வகுப்பு நடந்த மறுநாளே மேலாளர் எல்லார் முன்னாலும் ஒரு சூப்பர்வைசரைக் கிழித்துவிட்டார். 45 நாள் கழித்துப் போனால் ஒன்றுமே மாறவில்லை. தவறு என்னுடையதும்தான், மேலாளரோடு நான் உட்காரவே இல்லை. அன்றிலிருந்து, வகுப்புக்கு முந்தைய வாரம் மேலாளரோடு இரண்டு மணி நேரம் பேசாமல் எந்த வகுப்பையும் ஒப்புக்கொள்வதில்லை.

தேதி முடிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏற்காட்டில் ஏப்ரல், மே மாதங்களில் எந்த விடுதியும் ஆளை விடாது, மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வரத்து குறைந்த வாரங்கள் வசதி. அழைக்கும் முன், உங்கள் ஷிப்ட் நோட்டில் கடந்த ஒரு வாரத்துப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்திருங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.