அழகாபுரம் கீழ்த்தள வீட்டை வாடகைக்குக் கேட்டு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து வீட்டைப் பார்த்தது நாங்கள்தான். எங்களுக்குப் பின் இன்னும் மூன்று குடும்பம் வந்ததாகவும், ஒருவர் 15,500 வரை தருவதாகச் சொன்னதாகவும் அறிந்தோம். எங்களால் நீங்கள் சொன்ன 14,000 தான் முடியும். அதை மாதாமாதம் 3ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவோம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை 42,000, சாவி வாங்கும் அன்றே.

நான் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். மனைவி கவிதா அரசு மருத்துவமனையில் செவிலியர். இருவர் சம்பளமும் சேர்ந்து 71,000. மகள் ஏழாம் வகுப்பு. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. படி ஏற முடியாது என்பதால்தான் கீழ்த்தளமாகத் தேடுகிறோம். கவிதாவுக்கு மாதத்தில் ஆறேழு நாள் இரவுப் பணி இருக்கும். கேட்டுக்கு ஒரு சாவி எங்களிடம் தந்தால் உங்கள் தூக்கம் கெடாது. ஞாயிறன்று அசைவம் சமைப்போம், அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். நாய், பூனை இல்லை. இரண்டு ஸ்கூட்டர் மட்டும்தான், கார் இல்லை; போர்ட்டிகோவில் உங்கள் கார் தாராளமாக நிற்கும்.

அஸ்தம்பட்டியில் இப்போது இருக்கும் வீட்டில் ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்காரரின் மகன் குடிவருவதால் காலி செய்கிறோம். அவருடைய எண்ணைத் தனியே அனுப்பியிருக்கிறேன். வாடகை, கரண்ட் பில் பற்றி அவரிடமே கேளுங்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு இடத்தைக் கவனித்தோம். குளியலறைக் குழாய் திருகி மூடிய பிறகும் சொட்டுகிறது. வாஷர் தேய்ந்திருக்கும், எங்கள் செலவில் மாற்றிக்கொள்கிறோம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே சுவரில் ஈரம் பூத்திருக்கிறது. அது கழிவுக் குழாய் இணைப்பாக இருந்தால் நாள் போகப் போகப் பூச்சு பெயர்ந்துவிடும். பெயிண்ட் அடிக்கும் முன் பிளம்பரை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அடித்த பெயிண்ட் வீண். குடிவரும் அன்று ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, மீட்டர் ரீடிங்கையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வோம். காலி செய்யும்போது அட்வான்ஸில் எதைக் கழிப்பது என்ற பேச்சு பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாததால்தான் வருகிறது.

சுவரில் டிரில் போடுவதானால் கேட்டுவிட்டுத்தான் போடுவோம். போர் தண்ணீரில் உப்பு இருப்பதாகச் சொன்னீர்கள். ஹீட்டர் எங்களுடையது, உப்புப் படிந்து கெட்டால் அதைப் பழுது பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. காலி செய்வதானால் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுப்போம்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போட்டாலும் tenancy.tn.gov.in தளத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். பத்திரச் செலவும் பதிவு வேலையும் எங்களுடையது. இருவரின் ஆதார், சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி விவரம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முடிவு சொல்லும் முன் ஒருமுறை எங்கள் இப்போதைய வீட்டுக்கு வந்து பாருங்கள். புதன்கிழமை மாலை 6 மணிக்கு மேல் எல்லோரும் இருப்போம்.

இப்படிக்கு,
செந்தில்குமார், கவிதா
அஸ்தம்பட்டி, சேலம்