உங்கள் மகளின் நெஞ்சு எக்ஸ்ரே முடிவு

ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு மாணவியின் பெற்றோருக்கு வணக்கம்.

விடுதிச் சமையலறையில் வேலை பார்த்த ஒருவருக்குக் காசநோய் இருப்பது தெரிந்ததால், விடுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகளின் படத்தில் ஒரு இடத்தை இன்னும் சரியாகப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். காசநோய் என்று அவர் எழுதவில்லை.

எக்ஸ்ரேயில் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் எலும்பும் இதயமும் வெள்ளையாகவும் தெரியும். உங்கள் மகளின் வலது நுரையீரலில், மூச்சுக்குழல் உள்ளே நுழையும் இடத்தில் வெள்ளை நிழல் வழக்கத்தைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கிறது. அங்கே நெறிகட்டிகள் உண்டு. காசநோய்க் கிருமியால் அவை வீங்கலாம். முன்பு வந்த நெஞ்சுச் சளியாலும் வீங்கலாம். படம் எடுக்கும்போது பிள்ளை மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்காவிட்டாலும், கொஞ்சம் திரும்பி நின்றாலும்கூட இப்படித் தெரிவதுண்டு. படத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இருமலோ காய்ச்சலோ அவளுக்கு இல்லை. ஆனால் ஜூனில் 34 கிலோ இருந்தவள் இப்போது 33.5 கிலோதான். வளரும் வயதில் எடை ஏறாமல் இருப்பதால், பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவளை நானே கூட்டிப்போகிறேன். உங்களில் ஒருவர் வந்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும். பிறந்தபோது போட்ட பிசிஜி ஊசி அட்டையும் பழைய எக்ஸ்ரே இருந்தால் அதுவும் கொண்டுவாருங்கள். அன்று சளி எடுப்பார்கள். காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்க, கையில் மாண்டூ என்ற பரிசோதனை ஊசி போடுவார்கள். ஊசி போட்ட இடம் தடித்திருக்கிறதா என்று இரண்டு, மூன்று நாளில் அளந்து பார்க்கவேண்டும். அதனால் புதன்கிழமையும் போகவேண்டியிருக்கும். செலவு எதுவும் இல்லை.

அதுவரை மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சில மருந்துகள் நோயை மறைத்து, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்திவிடும்.

ஒருவேளை காசநோய் என்றே வந்தாலும், அது குணமாகும் நோய். வழக்கமாக ஆறு மாத மாத்திரை, இலவசம். ஒரு நாளும் விடாமல் சாப்பிடவேண்டும், அவ்வளவுதான். தட்டு, டம்ளர், துணி, தொடுதல் இவற்றால் இந்த நோய் பரவாது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்று வழியாகத்தான் பரவும். இருமலே இல்லாத பிள்ளையைத் தனியாக வைக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வகுப்புக்கும் விளையாட்டுக்கும் வழக்கம்போலப் போகிறாள்.

அவளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். "ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கும் தலைமையாசிரியைக்கும் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தில் பெயர் எழுதாததும் அதற்காகத்தான். ஊரில் யாரிடம் சொல்வது என்பதை நீங்கள் அவளிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கூட இருக்கும் சம்மதத் தாளில் கையெழுத்திட்டு ஞாயிறு பார்வை நேரத்தில் கொடுங்கள். அதற்கு முன் பேச வேண்டுமென்றால், தினமும் மாலை 4 முதல் 6 வரை விடுதி எண்ணுக்குக் கூப்பிட்டு என்னைக் கேளுங்கள்.

செவிலியர்,
பள்ளி மருத்துவ அறை