மாமிக்கு: கோட்டை ஸ்டேஷன் பலகை, தமிழில்

மாமி, படம் வந்துவிட்டது. நீங்கள் எடுத்த நேரம் பலகை சிங்களத்தில் நின்றிருக்கிறது. பலகையின் மூலையில் மணி 18:40. நேரங்களை 24 மணிக் கணக்கில் பலகையில் உள்ளபடியே விட்டிருக்கிறேன், அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து ஒப்பிட உங்களுக்குச் சுலபம். 19:00 என்றால் இரவு 7 மணி.

உங்களுடைய ரயில் மூன்றாவது வரி. அதை மட்டும் சொன்னால் போதாது, மற்ற வரிகளும் வேண்டும். ஏன் என்று கீழே வரும்.

பலகையில் இருப்பது (புறப்படும் நேரம், போகுமிடம், மேடை, குறிப்பு):

18:50 | மாத்தறை, காலி வழியாக | மேடை 5 | தாமதம் 15 நிமிடம் (45 ஆகவும் இருக்கலாம், முதல் இலக்கத்தில் வெளிச்சம் அடித்திருக்கிறது)
18:55 | நீர்கொழும்பு | மேடை 2 | குறிப்பு இல்லை
19:00 | மட்டக்களப்பு, இரவுத் தபால் | மேடை 3 | தாமதம் 40 நிமிடம்
19:05 | ரம்புக்கனை | மேடை 4 | நேரத்துக்குப் புறப்படும்
19:10 | பாணந்துறை | மேடை 6 | ரத்து
19:20 | கண்டி | மேடை 7 | குறிப்பு இல்லை

பலகைக்குக் கீழே பேனாவால் எழுதி ஒட்டிய தாள்:

"மட்டக்களப்பு இரவுத் தபால் ரயில் இன்று 3ஆம் மேடையில் அல்ல, 4ஆம் மேடையிலிருந்து புறப்படும். புறப்படும் நேரம் பி.ப. 7.40."

தாளில் 'ப.வ.' என்று இருப்பதுதான் நம்முடைய பி.ப. பலகையின் 19:00உடன் 40 நிமிடத்தைக் கூட்டினாலும் 19:40தான் வருகிறது, ஆகவே நேரத்தில் குழப்பம் இல்லை. மேடையில்தான் இரண்டும் முட்டுகின்றன. அச்சு எழுத்தைவிட, பிறகு யாரோ மெனக்கெட்டு எழுதி ஒட்டியதைத்தான் நான் நம்புவேன். ஆனாலும் டிக்கெட் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போதுதான் கவனம். 4ஆம் மேடையில் முதலில் வந்து நிற்கப்போவது உங்கள் ரயில் அல்ல. அது 19:05 ரம்புக்கனை ரயில். அதுவும் பொல்காவலை வரைக்கும் உங்கள் ரயில் போகிற அதே பாதையில்தான் போகும், அதனால் ஏறி உட்கார்ந்தாலும் வெகுநேரம் பிழை தெரியாது. பிறகு ரம்புக்கனையில் இறங்கி முழிக்க வேண்டியதுதான். அது போகட்டும், அதற்குப் பிறகு அதே மேடையில் வருவதுதான் உங்களுடையது. 4 மேடை, 40 நிமிடம். இரண்டையும் ஒன்றோடொன்று மாற்றிவிடாதீர்கள்.

பலகையில் ஊர்ப் பெயர்களும் ஏமாற்றும். மட்டக்களப்பை 'மடகலபுவ' என்று எழுதியிருக்கிறார்கள், அது நமக்குப் பிடிபடும். 'மீகமுவ' என்று இருப்பதுதான் நீர்கொழும்பு. 'மஹநுவர' கண்டி. பக்கத்தில் நிற்கும் அந்தச் சென்னைக் குடும்பம் நுவரெலியா போகிறது என்றீர்களே, நுவர என்ற எழுத்தைப் பார்த்து இதில் ஏறிவிட வேண்டாம் என்று அவர்களுக்கும் சொல்லுங்கள். நுவரெலியாவுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் நானுஓயா, அதற்குப் பதுளை ரயில் வேண்டும். இந்தப் படத்தில் பதுளை ரயில் இல்லை.

அறிவிப்பு முதலில் சிங்களத்தில் வந்தால் மூன்று சொல்லைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஹதரவன வேதிகாவ' நாலாம் மேடை. 'துன்வன' என்றால் மூன்றாம். 'பிரமாதயி' என்று கேட்டால் பிரமாதம் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், தாமதம் என்று அர்த்தம்! பாணந்துறை வரியில் இருக்கும் 'அவலங்குயி'தான் ரத்து. அந்தச் சொல் உங்கள் வரியில் இல்லை, நான் இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

மாமாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன். இங்கே 40 நிமிடம் பிந்தினால் மட்டக்களப்பிலும் சரியாக அதே 40 என்று எண்ணி அவர் கிளம்ப வேண்டாம். மாகோவுக்கு அப்பால் ஒற்றைப் பாதை, நேரம் தவறிய ரயில் எதிரில் வருவதற்கு வழிவிட்டு எங்காவது நிற்க வேண்டிவரும். ஏறாவூர் தாண்டியதும் நீங்களே அவருக்கு ஒரு அழைப்புக் கொடுங்கள்.

சாமானோடு இப்போதே மேம்பாலம் ஏற வேண்டாம், மாமி. தேநீர் குடித்துவிட்டு 19:20 போல இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், பலகையோடு அந்தத் தாளும் தெரிகிற மாதிரி. கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுத்தால் வெளிச்சம் அடிக்காது.