அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள்: அன்பளிப்பு, மொய் குறித்து ஒரு வேண்டுகோள்

அன்புடைய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அம்மாவுக்கு வரும் மாசி மாதத்தில் 80 வயது நிறைகிறது. அதை முன்னிட்டு 2026 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை, மாசி 10ஆம் நாள், பேராவூரணிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுத் தென்னந்தோப்பில் மதிய விருந்து வைக்கிறோம். அழைப்பிதழ் உங்களுக்குத் தனியாக வந்திருக்கும். அதன் அடியில் ‘அன்பளிப்பும் மொய்யும் தவிர்க்க வேண்டுகிறோம்’ என்று அச்சிட்டிருந்தோம். அந்த வரியைப் பார்த்த சிலர், மரியாதைக்காகப் போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு, என்ன வாங்கி வரலாம் என்று எங்களிடமே கேட்டார்கள். அம்மா உண்மையாகவே கேட்டுக்கொள்வது அது என்பதால், அதன் காரணத்தை விளக்கமாகச் சொல்லிவிட இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

நம் பக்கத்தில் செய்முறை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆடியிலும் ஆவணியிலும் மொய் விருந்து வைத்துத்தான் எத்தனையோ குடும்பங்கள் கிணறு வெட்டியிருக்கின்றன, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன, பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கின்றன. எங்கள் வீட்டிலும் 2011 ஆடியில் வைத்த விருந்தில் நீங்கள் எல்லோரும் செய்த மொய்யால்தான் ஆழ்குழாய்க் கிணறு போட்டோம், தங்கை மகளைக் கல்லூரியில் சேர்த்தோம். அந்த உதவியை ஒரு நாளும் மறக்க மாட்டோம். மொய் தவறு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் மொய் வாங்கியவருக்கு அதைத் திரும்பச் செய்யும் கடமை உண்டு. அப்பா 2017இல் காலமான பிறகு அந்தக் கடமை முழுவதும் அம்மா கைக்கு வந்தது. நீல அட்டை போட்ட அந்த மொய் நோட்டை அவர் தன் துணிப்பெட்டியில் வைத்திருந்தார். ஒவ்வோர் ஆடியிலும் வரும் அழைப்பிதழ்களை அடுக்கி வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு என்று பார்த்து, தேங்காய் விற்ற பணத்தை எண்ணி, உறையில் போட்டு, அந்தந்த வீட்டுக்கு எங்களில் ஒருவரை அனுப்புவார். செய்து முடித்ததும் அந்தப் பெயரின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுவார். 2018 நவம்பரில் கஜா புயல் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போன பிறகும் இந்தக் கணக்கு ஓர் ஆண்டுகூட நிற்கவில்லை. நகையை அடகு வைத்து மொய் செய்த ஆண்டும் இருந்தது என்பது எங்களுக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

கடந்த ஆவணியில் கடைசிப் பெயரின் மேலும் கோடு போட்டுவிட்டார். அன்று இரவு எங்கள் மூவரையும் உட்கார வைத்து, “இனி என் பேரில் யார் வீட்டு நோட்டிலும் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. திரும்பச் செய்ய நான் இருப்பேனோ இல்லையோ, வாங்கி வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பாது” என்று சொன்னார். பிறந்தநாள் விருந்துக்கு அவர் சம்மதித்ததும் இந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான். வெள்ளி விளக்கோ பட்டுப் புடவையோ சுவர்க் கடிகாரமோ எதுவாக இருந்தாலும், கொடுப்பவர் திரும்ப எதிர்பார்க்காவிட்டாலும், அம்மா அதை மனத்துக்குள் எழுதி வைத்துக்கொள்வார். இத்தனை ஆண்டு கழித்து அவருக்குக் கிடைத்திருக்கும் நிம்மதியைக் குலைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குத் திரும்ப வரவேண்டிய பழைய மொய் சிலரிடம் நிற்கிறது. அதை இந்த விருந்தில் செய்துவிடலாம் என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். புயலுக்குப் பிறகு, கையில் பணம் இல்லாத ஒரே காரணத்தால் நம் உறவில் ஒருவர் அடுத்தடுத்து மூன்று விசேஷங்களுக்கு வராமல் இருந்துவிட்டார். அவர் ஏன் வரவில்லை என்பது அம்மாவுக்கு வெகு நாள் கழித்துத் தெரியவந்தபோது, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் வரவேண்டியவர்களின் பக்கங்களிலும் அம்மா கோடு போட்டுவிட்டார். பிள்ளைகள் நாங்கள் மூவரும் முழு மனத்துடன் அதற்குச் சம்மதித்திருக்கிறோம். எந்தப் பெயர்கள் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆகவே பழைய கணக்கை நினைத்து யாரும் தயங்கி நின்றுவிட வேண்டாம். வராமல் இருப்பதுதான் அம்மாவுக்குப் பெரிய வருத்தமாக இருக்கும்.

விருந்து நாளில் வாசலில் மொய் எழுத மேசை இருக்காது. உறையாகக் கொடுத்தாலும், கைப்பேசி வழியாக அனுப்பினாலும், பிள்ளைகள் கையில் திணித்தாலும், அதை அப்படியே திருப்பித் தருவோம். அப்போது எங்கள் மேல் கோபம் கொள்ளாதீர்கள். பொன்னாடையும் மாலையும்கூட வேண்டாம். அன்பளிப்புக்குப் பதிலாக அம்மா பெயரில் எங்காவது நன்கொடை கொடுக்கலாமா என்று இரண்டு மூன்று பேர் நல்லெண்ணத்தோடு கேட்டார்கள். உங்கள் தர்மம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்பதே அம்மாவின் பதில்.

பெரியவர்களை வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது என்ற வழக்கம் நம்மிடம் உண்டு, அதை விடச் சிலருக்கு மனம் வராது என்பதும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தால் அம்மா மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பிறந்த வீட்டுச் சீர் பற்றி மாமாக்கள் இருவரிடமும் அம்மாவே நேரில் பேசிவிட்டார். அக்காவுக்கு எண்பது வயது நிறையும் நாளில் சீர்த் தட்டு இல்லாமல் எப்படி வருவது என்று சின்ன மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்த வீட்டுக் கொல்லையில் விளைந்த வாழைத்தார் ஒன்று கொண்டுவந்தால் போதும், அதைப் பந்தியில் எல்லோர் இலையிலும் வைக்கலாம் என்று அம்மா சொல்லி, அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்பா இல்லாததால் இது சதாபிஷேகமாக நடக்கவில்லை. சடங்குகள் எதுவும் கிடையாது. காலை 10 மணியிலிருந்து அம்மா பந்தலில் உட்கார்ந்திருப்பார். 12 மணிக்கு முதல் பந்தி. புறப்படும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அம்மா தன் கையால் வெற்றிலை பாக்கும் இரண்டு தேங்காயும் தருவார். புயலுக்குப் பின் நட்ட கன்றுகள் காய்த்த காய்கள் அவை. தயவுசெய்து மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக எதையும் செய்ய வேண்டாம்.

பேராவூரணி பேருந்து நிலையத்திலிருந்து தோப்புக்கு வர, காலை 9 மணி முதல் வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை பிப்ரவரி 15ஆம் தேதிக்குள் தெரிவித்தால் சமையலுக்கு உதவியாக இருக்கும். அம்மாவுக்கு இப்போது வலது காது சரியாகக் கேட்பதில்லை. அவரோடு பேசும்போது இடது பக்கமாக வந்து உட்காருங்கள். ஒவ்வொருவரோடும் நிதானமாகப் பேச வேண்டும் என்று இப்போதிருந்தே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
பிள்ளைகள் மூவரும், மருமக்களும், பேரப்பிள்ளைகளும்