கயலின் காலுக்கு ஒரு நொண்டிச் சிந்து

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அன்புள்ள கயலுக்குத் தென்காசியிலிருந்து தாத்தா எழுதுவது.

இந்தப் பாட்டை அம்மா பாட வேண்டும், தாளத்தை நீ போட வேண்டும். எக்ஸ்ரே படம் எடுப்பதற்காக உன் இடது காலிலிருந்து கழற்றிய கொலுசு அம்மாவின் பையில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள். ஒவ்வோர் அடிக்கும் நான்கு குலுக்கு. முதலடியில் சிறு கோட்டுக்குப் பின்னால் நிற்கும் சொல்லுக்கு நான்காவது குலுக்கைக் கொடுத்துவிட்டு, நீ தெருவில் கட்டம் போட்டு ஒற்றைக் காலில் தாவுவாயே, அதைப் போல அடுத்த அடிக்குத் தாவிவிட வேண்டும். பக்கத்துக் கட்டிலில் யாரேனும் தூங்கினால் கொலுசைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு விரலால் தட்டு.

இந்த நடைக்கு நொண்டிச் சிந்து என்று பெயர். பழைய நொண்டி நாடகங்களில் ஒருவன் குதிரை திருடப் போய்க் காலை இழந்து, தன் கதையை இந்தச் சிந்திலேயே பாடி, கடைசியில் கடவுள் அருளால் காலைத் திரும்பப் பெறுவான். நீ திருடப் போனது குதிரை அன்று, நாவற்பழம். உன் கால் எங்கும் போய்விடவில்லை, ஒடிந்துதான் இருக்கிறது. ஆகவே உன் பாட்டு அவன் பாட்டைவிடச் சிறியது.

பல்லவி

கயலே, படுத்திருப்பாய் – உன்றன்
காலுக்குள் வேலை நடக்கிறதே;
முயலே, பொறுத்திருப்பாய் – ஆறு
வாரத்தில் கட்டும் அவிழ்ந்திடுமே!

மரத்தில் நடந்தது

சாரல் விழுந்ததுகாண் – நம்
தென்காசித் தோட்டம் நனைந்ததுகாண்;
ஈரக் கிளையினிலே – ஓர்
இளம்முயல் ஏறி நடந்ததுகாண்.

நாவல் பழுத்ததுகாண் – அதன்
நாலாம் கிளையில் கனிந்ததுகாண்;
காவல் இருந்தஅணில் – உன்னைக்
கண்டதும் வாலை உயர்த்தியதே.

தின்றது பத்தல்லவோ? – இன்னும்
தேடி நடந்தது காலல்லவோ?
நின்றது போதுமென்றே – ஆச்சி
நீட்டிக் குரல்கொடுத் தாளல்லவோ?

எட்டிப் பறித்தனைநீ – பழம்
எட்டு மடியில் நிறைத்தனைநீ;
சட்டென் றுவழுக்கி – நேரே
தரையைத் தேடி இறங்கினைநீ!

(இந்த இடத்தில் அம்மா பாட்டை நிறுத்திவிட்டுக் கதையாகச் சொல்ல வேண்டும்.) விழும்போதுகூட மடித்துப் பிடித்த பாவாடையை நீ விடவில்லை என்று ஆச்சி தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதில் அவளுக்குக் கவலை பாதி, பெருமை பாதி. 108 வண்டியில் திருநெல்வேலிக்குப் போகிற வழியெல்லாம், கால் வலிக்கிறது என்று ஒரு முறையும், என் பழம் எங்கே என்று நான்கு முறையும் கேட்டாயாம். அங்கே போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை.

மருத்துவர் பயந்தது

நாக்கினை நீட்டென்றார் – டாக்டர்
நன்றாய் விளக்கைப் பிடித்துநின்றார்;
நாக்கெல்லாம் ஊதாவாம் – கண்டு
நடுங்கி ஓரடி பின்னேசென்றார்.

"காலில் அடிபட்டால் – நாக்குக்
கறுப்பது என்ன புதுநோயோ?"
வாலுப்பெண் நீசிரித்தாய் – "இது
பழத்தின் சாயம், நோயில்லையே!"

(பல்லவியை ஒரு முறை பாடலாம்.)

கட்டிலில் தூங்கும் எடை

கட்டிலின் கால்புறத்தில் – ஒரு
கப்பியும் கயிறும் தெரிகிறதே;
தொட்டியில் வாளியைப்போல் – எடை
தொங்கிப் பகலெல்லாம் தூங்கிடுதே.

தூங்குவது என்றால் உறங்குவது மட்டும் இல்லை, தொங்குவதும்தான். உன் வகுப்பில் இதைச் சொல்லி எல்லோரையும் குழப்பலாம். அந்த எடை சும்மா தூங்கவில்லை. உன் உடம்பிலுள்ள எலும்புகளிலேயே நீளமானது தொடை எலும்பு. அதைச் சுற்றியிருக்கும் தசைகளுக்கு வலிமை அதிகம் என்பதால், எலும்பு ஒடிந்தவுடன் அவை இறுகிக்கொண்டு, ஒடிந்த இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துவிடும். கப்பியில் கட்டிய எடை அந்தத் தசைகளோடு கயிறிழுக்கும் போட்டி நடத்துகிறது. அது சத்தம் போடாமல், அவசரப்படாமல் இழுப்பதால் தசைகள் களைத்துத் தளர்ந்துவிடும், எலும்பும் நேராகிவிடும். நம் கிணற்றுக் கப்பி தண்ணீரை இழுக்கிறது, உன் கப்பி காலை இழுக்கிறது. இரண்டில் உன்னுடையதுதான் கிறீச்சிடாமல் இருக்கிறது என்று உன் அப்பா சொன்னான். நம் கப்பிக்கு எண்ணெய் போடச் சொல்லி ஆச்சி என்னிடம் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

இழுக்க இழுக்கஎடை – வெல்லும்,
இடையில் நீயும் அசையாதே;
பழக்கம் இல்லையென்றே – காலைப்
பக்கம் திருப்பி உதையாதே.

காலுக்குள் கொத்தனார்

கொத்தனார் வந்துவிட்டார் – உன்றன்
குருதியில் நீந்தி வந்துவிட்டார்;
சித்தாளும் வந்துவிட்டார் – தலையில்
சின்னஞ் சிறுகூடை கொண்டுவந்தார்.

உடைந்த இடத்தினிலே – ரத்தம்
உறைந்து முதலில் மூடிடுமாம்;
கிடந்த இடைவெளியில் – எலும்புக்
குருத்தால் சாரம் கட்டிடுமாம்.

சுண்ணாம்பு சேர்ந்திடுமாம் – அந்தச்
சாரம் எலும்பாய் மாறிடுமாம்;
கண்ணால் தெரியாமல் – இரவில்
கட்டடம் மெல்ல ஏறிடுமாம்.

ஒட்டிய மேட்டையெல்லாம் – பின்னர்
ஒருவர் வந்து செதுக்கிடுவார்;
கட்டிய கட்டடத்தை – வழவழக்
கம்பம் போல ஆக்கிடுவார்.

இது நான் கட்டிய கதை என்று நினைத்துவிடாதே. புது எலும்பைக் கட்டுவதற்கு ஒரு வகைச் செல்களும், வேண்டாத இடத்தில் அதைச் சுரண்டி எடுப்பதற்கு வேறொரு வகைச் செல்களும் எல்லோருடைய உடம்பிலும் இருக்கின்றன. அறுபத்தெட்டு வயதான என் காலில் அவர்கள் வேலைக்கு வருவதற்கே தாமதமாகும். ஆறு வயதான உன் காலில் அதிகாலையிலேயே வந்து நின்றுவிடுவார்கள். அவர்கள் கேட்பது சுண்ணாம்புச் சத்து. என் வெற்றிலைப் பெட்டியிலிருக்கும் சுண்ணாம்பை அனுப்பட்டுமா என்று ஆச்சியிடம் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் பெட்டியை மூடிவிட்டேன். சாப்பாட்டில் வருகிற சுண்ணாம்புதான் அவர்களுக்கு வேண்டுமாம்.

பாலைக் குடித்துவிட்டால் – கொத்தனார்
பாடிக் கொண்டே பூசிடுவார்;
காலையில் கேழ்வரகு – கூழைக்
கண்டால் கைகள் வீசிடுவார்.

எள்ளுருண் டைதந்தால் – ஆட்கள்
ஏணியில் தாவி ஏறிடுவார்;
தள்ளிவைத் தால்முருங்கை – கீரை,
"சம்பளம் எங்கே?" என்றிடுவார்.

மாவுக்கட்டு

மாவுக்கட் டென்றிடுவார் – அதில்
மசால்தோசை ஒன்றும் வாராதே;
தாவும் முயலுனக்கு – அதைத்
தட்டில் வைத்துத் தாராரே.

ஈரத் துணிசுற்ற – அது
இளஞ்சூ டாகி இறுகிடுமாம்;
வீரர் கவசம்போல் – உன்னை
வெளியே நின்று காத்திடுமாம்.

அந்த இளஞ்சூட்டைக் கண்டு பயப்படாதே. மாவும் தண்ணீரும் சேர்ந்து கல்லைப் போல இறுகும்போது அப்படித்தான் கொஞ்ச நேரம் சூடாகும், பிறகு தானே ஆறிவிடும். கட்டு இடுப்பிலிருந்து தொடங்கும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், அதில் எழுதுவதற்கு இடம் தாராளமாக இருக்கும். முழங்காலுக்கு மேலே உள்ள இடத்தை எனக்கென்று விட்டு வை. அம்மாவின் கையெழுத்து பெரியது, அவளுக்கு முதலில் பேனாவைக் கொடுத்துவிடாதே.

உள்ளே அரித்தாலும் – ஒரு
குச்சியை விட்டுச் சொறியாதே;
மெல்லமே லேதட்டு – இந்தப்
பாட்டின் தாளம் தவறாதே.

இரவில் பாடுவது

(இந்தப் பகுதியைக் கொலுசு இல்லாமல், மெதுவாகப் பாட வேண்டும்.)

விளக்கை அணைத்தபின்னே – நெஞ்சில்
வீட்டின் நினைவு வருமல்லவோ?
களைத்த கண்ணிரண்டும் – கொஞ்சம்
கலங்கிப் பார்ப்பதும் சரியல்லவோ?

அழுகை வந்துவிட்டால் – அதை
அடக்கிப் பல்லைக் கடிக்காதே;
விழுந்த கால்வலித்தால் – செவிலி
அக்காளை அழைக்கத் தயங்காதே.

விரல்கள் மரத்துவிட்டால் – கட்டு
விறைத்துக் காலை இறுக்கிவிட்டால்,
குரலைக் கொடுத்துவிடு – நள்ளிரவும்
கூப்பிடும் வேளை தானறிவாய்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஒன்பது வயதில் நானும் விழுந்தேன். இந்த மரத்திலிருந்து அன்று, இதற்கு முன்னால் அதே இடத்தில் நின்ற மரத்திலிருந்து. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய முழங்கையை, பத்து நாள்கூடப் பொறுக்காமல், பம்பரம் விடுவதற்காக நானே அவிழ்த்துக்கொண்டேன். என் வலது கை ஏன் நேராக நீளுவதில்லை என்று நீ போன பொங்கலுக்குக் கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். காரணம் இதுதான். ஆச்சிக்கும் இன்றுதான் தெரியும், இந்தக் கடிதத்தை நான் அனுப்பும் முன்பே அவள் படித்துவிட்டதால்.

வீட்டுச் செய்தி

ஆட்டுக் குட்டிவந்து – உன்றன்
அறையின் வாசலில் நிற்கிறது;
பாட்டைப் பாடச்சொன்னால் – அது
பாயைக் கடித்துத் தின்கிறது.

அணிலும் இறங்கிவந்து – நீ
அமர்ந்த கல்லைப் பார்க்கிறது;
துணிவு மிகுந்தமுயல் – எங்கே
தொலைந்த தென்று கேட்கிறது.

குற்றாலச் சாரலெல்லாம் – இந்த
ஆண்டில் உனக்குத் தப்பியது;
வற்றாமல் அடுத்தஆனி – மீண்டும்
வருமென் றருவி ஒப்பியது.

அருவி ஒப்புக்கொண்டதற்கு நான்தான் சாட்சி. நேற்று மாலை சாரலில் நனைந்துகொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்தேன். கடைசிக் கண்ணிகளுக்கு முன்பே நீ தூங்கிவிட்டால் அம்மா அங்கேயே நிறுத்திவிடலாம், மீதியை நாளைக்குக் குலுக்கிக்கொள்ளலாம். தூங்காமல் இருந்தால் மட்டும் இதைக் கேள்.

மடியில் இருந்தபழம் – எட்டும்
மண்ணில் விழாமல் வந்தனவே;
வெடித்த பானையிலே – ஆச்சி
விதைகள் எட்டும் நட்டனளே.

நாளும்நான் நீர்தெளித்தேன் – அதில்
நான்கு முளைகள் நிமிர்ந்தனவே;
நாலும் யார்யாரோ? – நீ
நடந்து வந்து பேர்வைப்பாய்!

கயலே, படுத்திருப்பாய் – உன்றன்
காலுக்குள் வேலை நடக்கிறதே;
முயலே, பொறுத்திருப்பாய் – ஆறு
வாரத்தில் கட்டும் அவிழ்ந்திடுமே!