பெற்றோரிடம் என்ன சொல்கிறோம்: நம் கல்லூரியின் பிராண்ட் திட்டம்

'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்ற வரியை இந்த ஆண்டு விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். பிள்ளையின் நான்கு வருடத்தை நம்மை நம்பி ஒப்படைக்கிறவர்களுக்கு முழுக் கணக்கு தெரிய வேண்டும். போன வருடம் முடித்தவர்கள் 240 பேர். வேலைக்குப் பதிந்தவர்கள் 190. கிடைத்தது 128 பேருக்கு. மூன்றையும் துறைவாரியாக, சேர்த்தே அச்சிடுவோம். ஒரே ஒருவர் வாங்கிய உச்சச் சம்பளம் வேண்டாம். எல்லோர் சம்பளத்தையும் ஏறுவரிசையில் வைத்து, நடுவில் இருப்பவரின் சம்பளத்தைப் போடுவோம்.

சரி, அடையாளம்? அது பணிமனையிலேயே இருக்கிறது. இரண்டாமாண்டு மாணவி லேத்தில் கடைந்த தண்டு, அதற்கு முன் வீணான இரண்டோடு மேசையில் கிடக்கிறது. கையேட்டின் அட்டைப்படம் அதுதான்.

அப்புறம், பெற்றோர் வரும் நாளில் அவர்களுக்கு மாணவர்களே சுற்றிக் காட்டட்டும். விடுதிச் சாப்பாடு பற்றிக் கேட்டாலும் ஆசிரியர்கள் குறுக்கிடக் கூடாது.