குழுவினருக்கு: கோப்புகளைக் கையாள இனி ஒரே முறை

சென்ற வியாழக்கிழமை ஆண்டறிக்கையின் பழைய அட்டை அச்சகத்துக்குப் போய்விட்டது. நல்லவேளை, பிளேட் போடுமுன் அங்கே ஒருவர் கவனித்துவிட்டார். நம் கோப்புறையைத் திறந்து பார்த்தால் final, final_new, final_new2, final_OK என நான்கு ‘இறுதி’கள். சரியானது final_new. final_OK என்று பெயரிட்டவன் நான்தான். ஆகவே யாரையும் கடிந்துகொள்ள இதை எழுதவில்லை.

திங்கள்முதல் பெயர் இப்படி இருக்கட்டும்:

```
AR26_attai_2026-03-14_v07.indd
```

திட்டம், பொருள், தேதி, பதிப்பு. ஆண்டை முதலில் எழுதினால் அகர வரிசையே கால வரிசையாகிவிடும். v7 என்று எழுத வேண்டாம். சில நிரல்கள் v10-ஐ v2-க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. / : * ? போன்ற குறிகளை விண்டோஸ் ஏற்காது. final என்ற சொல்லுக்கு இனி நம்மிடம் இடமில்லை. திருத்தம் சிறிதானாலும் எண்ணை ஏற்றி, புதிதாகச் சேமியுங்கள். கோப்புறைகள் இப்படி இருக்கட்டும்:

```
AR26/
  01_vandhavai
  02_velai
  03_paarvaikku
  04_anuppiyavai
  99_pazhayavai
```

வெளியே போன ஒவ்வொன்றின் நகலும் 04-இல் இருக்க வேண்டும். அங்கே எதையும் திருத்தக் கூடாது. ‘அச்சகத்திடம் இருப்பது எது?’ என்ற கேள்விக்கு அந்தக் கோப்புறை மட்டுமே பதில். 01-இல் உள்ள படங்களின் பெயரையோ இடத்தையோ நடுவில் மாற்றாதீர்கள். பக்க வடிவமைப்பில் இணைப்பு அறுந்து, படம் இருந்த இடத்தில் மங்கலான முன்தோற்றம்தான் மிஞ்சும். அதை அச்சில் பார்க்க நேர்வது கொடுமை.

அடுத்தது காப்பு நகல். ‘எல்லாம் கிளவுடில் இருக்கிறதே’ என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், ஒத்திசைவு அதை மற்ற கணினிகளிலும் கடமை தவறாமல் அழித்துவிடும். எனவே மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில். பொதுக் கோப்புறை முதல் நகல். தினமும் மாலை ஆறு மணிக்குச் சர்வரில் தானாக எடுக்கப்படுவது இரண்டாவது. மூன்றாவதுக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள்: வெள்ளிதோறும் ஒன்றில் நகலெடுத்து என் வீட்டுக்கு எடுத்துச் செல்வேன், அங்கிருக்கும் மற்றொன்று அடுத்த வாரம் இங்கே வரும். நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

திறந்து பார்க்காத காப்பு நகலை நான் நம்புவதில்லை. மாதத்தின் முதல் திங்களன்று ஒருவர் ஏதாவது ஒரு கோப்பை மீட்டெடுத்து, வேறொரு கணினியில் திறந்து காட்ட வேண்டும். முதல் முறை நானே செய்கிறேன்.

பழைய கோப்புகளை இந்த வாரத்துக்குள் அவரவர் 99-க்கு நகர்த்துங்கள். எதையும் அழிக்க வேண்டாம். எது சரியான பதிப்பு என்று ஐயம் வந்தால் ஊகிக்காமல் என் மேசைக்கு வாருங்கள்.